ஒரே எண்ணில் இரண்டு அசல்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் எனக்கு இருக்க முடியாது. என் அக்கா இந்துமதி இதை வியாதி என்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அருவங்காட்டிலிருந்து அரவேணு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது என்பது தெரிந்த அன்று நான் அக்காவுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில், சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்வது என் வேலை. பெயர் ராஜப்ரியா.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பில் வந்தால் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று எங்கள் தெருவில் கேட்பார்கள். அவ்வளவுதான் இல்லை. அந்தப் பொருளை நாம் ஆர்டர் செய்தோமா, பேசிய விலைதான் போட்டிருக்கிறதா, பொருள் வந்து சேர்ந்ததென்று ஸ்டோரில் வரவுச் சீட்டு எழுதியிருக்கிறார்களா, அந்தச் சீட்டை வேறொரு பில்லுக்கு ஏற்கெனவே செலவழித்துவிட்டோமா, கையில் இருப்பது அசலா நகலா, பணம் போகும் வங்கிக் கணக்கு பழைய கணக்குத்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு, இதே பில் வேறு வேஷத்தில் முன்பே வந்துபோயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சப்ளையர் ஒரு பில்லை மெயிலில் அனுப்புவார், அதையே பஸ்ஸில் கொடுத்துவிடுவார், பணம் வரத் தாமதமானால் மூன்றாவது தடவையும் அனுப்பி வைப்பார். அவர் மேல் தப்பில்லை. மூன்றுக்கும் பணம் அனுப்பினால்தான் தப்பு, அந்தத் தப்பு என்னுடையது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஏற்றியது கந்தப்பனின் விறகு பில். எண் 118. ஜூலை மாதத்துப் பில், செப்டம்பரில்தான் என் மேஜைக்கு வந்தது. டிரைவர் அதை லாரியில் வெயில் தடுப்புக்குப் பின்னால் செருகி வைத்து மறந்துவிட்டானாம். எண்ணைத் தட்டியதும் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. இந்தச் சப்ளையரின் இந்த எண்ணுள்ள பில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்றது.

இப்படிச் சிவப்புக் கோடு விழும்போது சில இடங்களில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைப்பார்கள், அல்லது ஒரு எழுத்தைச் சேர்ப்பார்கள். கம்ப்யூட்டர் உடனே வாயை மூடிக்கொள்ளும். வாசலில் குரைக்கும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிற மாதிரி அது. நான் புள்ளி வைப்பதில்லை. பழைய ஃபைலை எடுத்து ஜூலையிலேயே பதிவான 118-ஐத் தேடிப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டும் ஒரே தேதி. ஒரே அளவு, ஒரே தொகை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஃபேக்டரியில் விறகை எடை போட்டு வாங்குவதில்லை, லாரியின் மேலேயே நீளம், அகலம், உயரம் அளந்து கன மீட்டர் கணக்கில் வாங்குகிறோம். கந்தப்பனின் லாரி நிறைந்து வந்தால் எப்போதும் ஒரே அளவுதான் வரும். ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு தாளையும் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டிலும் பேனா அழுத்திய தடம் பின்பக்கம் புடைத்திருந்தது. ஒன்றுகூடக் கார்பன் நகல் இல்லை, இரண்டுமே அசல். ஒரு பில் புத்தகத்தில் ஒரே எண்ணுக்கு இரண்டு அசல் தாள் எப்படி இருக்கும்? தொகையில் வரும் எட்டை ஒன்றில் இரண்டு சுழியாகப் போட்டிருந்தது. மற்றதில் ஒரே இழுப்பு. எனக்கு அப்போதே கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

மற்ற சப்ளையர் என்றால் ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்து, அவர் அந்தப் பில்லை ஒரு தடவை காட்டியிருக்கிறாரா இரண்டு தடவையா என்று பார்த்துவிடலாம். விறகுக்கு வரி கிடையாது. அங்கே எட்டிப் பார்த்தால் வெறும் சுவர்தான்.

இரண்டு பில்லுக்கும் தனித்தனி வரவுச் சீட்டு இருந்தது. அடுத்தடுத்த எண்கள். இரண்டிலும் ஸ்டோர்கீப்பர் தங்கவேலுவின் கையெழுத்து. லாரி எண் எழுத வேண்டிய இடத்தில் இரண்டிலும் 'கந்தப்பன் லாரி' என்று மட்டும் இருந்தது.

பில்லை நிறுத்திவைத்துவிட்டு மேனேஜர் செந்தில்நாதனிடம் போய்ச் சொன்னேன். அங்கேதான் விஷயம் என் கையைவிட்டுப் போனது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் வேகமாக முடிக்க வேண்டும் அவருக்கு. வந்தது ஒரு லோடு, தங்கவேலு இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், பாதி அவருக்கு, பாதி கந்தப்பனுக்கு என்று நாற்காலியைவிட்டு எழுவதற்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் அப்படி நடந்ததாம். சனிக்கிழமை முதலாளி மனோகரன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார், அதற்குள் ஒரு குறிப்பு எழுதி வை என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவர் போனை எடுத்து முதலாளியிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கவேலுவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. சின்னப் பையனாக இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். இலை எடுத்தார், மூட்டை தூக்கினார், பிறகு ஸ்டோருக்கு வந்தார். ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற குவார்ட்டர்ஸ் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். அவர் மனைவி அன்னக்கிளி அந்த வீட்டு வாசலில் வளர்க்கும் டேலியாப் பூக்களைப் பார்க்காமல் நான் ஒருநாள்கூட பஸ் ஏறியதில்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு லோடு வந்தது, இரண்டையும் அளந்தேன், இரண்டுக்கும் சீட்டு எழுதினேன் என்று தங்கவேலு சொன்னார். லாரி எண் ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, கந்தப்பன் லாரியைத் தெரியாதவர் யார் என்றார். கேட் ரிஜிஸ்டரிலும் அது இருக்காது. எங்கள் விறகுக் கொட்டகை மேல் ரோட்டுக்கு நேர் கீழே சரிவில் இருக்கிறது. விறகு லாரி கேட்டுக்குள் வருவதே இல்லை. ரோட்டு ஓரத்தில் நிறுத்தி, அங்கேயே அளந்து, கட்டைகளைச் சரிவில் உருட்டிவிடுவார்கள். கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் கேட்கும், லாரி தெரியாது. ஐம்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. யாருக்கும் இது ஒரு குறையாகப் பட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்குப் போகாமல் கந்தப்பனின் விறகு டிப்போவுக்கு நடந்தேன். யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும் என்றுதான் போனேன். அவர் டீக்கடை பெஞ்சை டிப்போவுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிற ஆள்.

"வாங்க அம்முணி. ஏனுங்க, பில்லுல ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?" என்றார்.

பில் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். அவர் ஒரு லாரியின் டிரைவரைக் கூப்பிட்டார். அவன் ஒரு புத்தகத்தை நீட்டினான். பிறகு இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டார். அவனும் ஒன்றை நீட்டினான். இரண்டையும் மடியில் வைத்துப் புரட்டினேன். இரண்டும் 101-இல் தொடங்கின. இரண்டிலும் 118 இருந்தது. கார்பன் நகல்கள் அதனதன் இடத்தில் அழகாகத் தைத்தபடியே இருந்தன.

"லாரி ரெண்டாச்சுங்க. ஆளுக்கொரு புக்கு போட்டுக் குடுத்தனுங்க" என்றார் கந்தப்பன். இரண்டாவது லாரி வாங்கியபோது பிரஸ்ஸில் பழைய பில்லைக் கொடுத்து அதே மாதிரி அடிக்கச் சொன்னாராம். அவர்கள் எண்ணையும் அதே மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மற்ற எண்கள் வெவ்வேறு ஃபேக்டரிகளுக்குப் போனதால் எங்களிடம் இதுவரை மோதவில்லை. இரண்டு லாரிக்கும் பாடி கட்டியது ஒரே பட்டறை, ஒரே அளவு. இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒரு சப்ளையர் ஒரே வருஷத்தில் ஒரே எண்ணை இரண்டு தடவை போடக் கூடாது, ஒரு புத்தகத்துக்கு முன்னால் 'அ' என்றாவது போடுங்கள் என்று சொன்னேன். நான் எண்ணை மாற்றக் கூடாது, அவர் மாற்றலாம். சரிங்க அம்முணி என்று டீ சொன்னார்.

மறுநாள் காலை ஏதோ மெடல் வாங்கப்போகிறவள் மாதிரி மேனேஜர் அறைக்குள் போனேன். செந்தில்நாதன் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இரண்டு புத்தகம் இருக்கிறது சரி, ஆனால் இரண்டு லோடு வந்ததற்கு அது சாட்சியா? பில் யார் வேண்டுமானாலும் எழுதலாமே?

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. பில்லை வைத்துப் பில்லை நிரூபிக்க முடியாது.

அப்போதுதான் எனக்கு விறகுக் கொட்டகை ஞாபகம் வந்தது. தேயிலை காய வைக்கிற அடுப்புக்குப் பச்சை விறகு ஆகாது. புகையும், சூடு தராது. வந்த விறகை மாதக்கணக்கில் அடுக்கிக் காயவிட்டுத்தான் எரிப்பார்கள். ஏப்ரலுக்குப் பிறகு வந்தது ஒரு கட்டைகூட இன்னும் அடுப்புக்குப் போகவில்லை, முழுவதும் புதுக் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது. ஏப்ரலிலிருந்து எழுதிய வரவுச் சீட்டுகளைக் கூட்டி, கொட்டகையில் இருப்பதை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். தங்கவேலு பொய்ச் சீட்டு எழுதியிருந்தால் ஒரு லோடு குறையும். எழுதவில்லை என்றால் சரியாக நிற்கும். மேனேஜருக்கும் இது பிடித்துப்போனது. அவரே குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

கொட்டகைக்குள் மூடுபனி பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. டேப்பின் ஒரு முனையைத் தங்கவேலு பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். மேனேஜர் எழுதினார். சில்வர் ஓக் ஒரு பக்கம், சீகை மரம் ஒரு பக்கம். கட்டைகளின் வெட்டு முகம் வெயில் படாமலே வெடித்திருந்தது. காய்ந்ததில் சுருங்கியதற்கு எவ்வளவு கழிக்கலாம் என்று மூவரும் பேசி ஒரு அளவுக்கு ஒத்துக்கொண்டோம். தங்கவேலு உற்சாகமாக இருந்தார், ஒவ்வொரு அடுக்குக்கும் அளவைச் சத்தமாகச் சொன்னார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

மேனேஜர் கூட்டிப் பார்த்தார். பிறகு நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு லோடு குறைந்தது.

தங்கவேலு டேப்பைச் சுருட்டாமல் நின்றார். மறுபடியும் அளக்கலாமா என்று கேட்டார். அளந்தோம். அதே கணக்குத்தான். செந்தில்நாதன் கணக்கு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்து, குடையை விரித்துக்கொண்டு மேலே போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. தங்கவேலு என்னைப் பார்த்தார்.

"நான் ரெண்டு லோடு அளந்தேன் பிள்ளை. தொரைகிட்ட வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இந்த அளவெடுக்கிற யோசனையும் என்னுடையதுதான். இந்த மூக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

ஆனால் மேஜைக்கு வந்து உட்கார்ந்த பிறகு அந்த மூக்கு சும்மா இருக்கவில்லை. ஒரு லோடு குறைகிறது. அப்படியென்றால் ஏப்ரலிலிருந்து எழுதிய சீட்டுகளில் ஏதோ ஒன்று பொய். எது என்று விறகு சொல்லவில்லையே? 118 என்று முடிவு கட்டியது நாங்கள்தான், சிவப்புக் கோடு அங்கே விழுந்தது என்பதற்காக. கம்ப்யூட்டர் எதைப் பார்த்துக் கோடு போடுகிறது? சப்ளையர் பெயர், பில் எண், இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் கத்துகிறது. ஏதாவது ஒன்று மாறியிருந்தால் பச்சை டிக் போட்டு உள்ளே விட்டுவிடுகிறது. அப்படி யாராவது சத்தம் போடாமல் உள்ளே போயிருந்தால்?

விறகு பில்கள் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் இறக்கினேன். கம்ப்யூட்டர் பார்க்கிற இரண்டு கட்டங்களையும், பெயரையும் எண்ணையும், மறைத்துவைத்தேன். கம்ப்யூட்டர் பார்க்காத கட்டங்களை மட்டும் பார்ப்போம் என்று தேதியையும் அளவையும் வங்கிக் கணக்கையும் வைத்துக்கொண்டு வரிசையாக வந்தேன்.

எல்லா வரியிலும் ஒரே வங்கிக் கணக்குத்தான் இருந்தது. முதலில் அது சாதாரணமாகத்தான் பட்டது. பெயர்க் கட்டத்தைத் திறந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். மேலே இருந்த வரிகளில் கந்தப்பன் என்றும் ஜூன் கடைசியிலிருந்து சில வரிகளில் கே.ஆர். ஃபியூயல்ஸ் என்றும் இருந்தது. இரண்டு பெயர், ஒரு கணக்கு. பான் எண்ணைப் பார்த்தேன், அதுவும் ஒன்றே. கந்தப்பனின் மருமகள் ரேகா கம்ப்யூட்டர் படித்தவள். ஜூன் கடைசியில் அவள் டைப் செய்த பில்லாகக் கொடுக்க ஆரம்பித்தபோது கடைக்கும் ஒரு பெயர் வைத்தாள். டிரைவர்கள் அவசரத்துக்குக் கையெழுத்துப் பில்லையும் விடவில்லை. புதுப் பெயர் வந்ததும் கோயம்புத்தூர் ஆபீஸில் புதுச் சப்ளையராகச் சேர்த்துவிட்டார்கள். பான் எண்ணையோ வங்கிக் கணக்கையோ பழைய பட்டியலோடு ஒருவரும் ஒத்துப் பார்க்கவில்லை. ஒரே ஆள் எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு ஆளாக நடமாடிக்கொண்டிருந்தார்.

இப்போது தேதிகளைப் பார்த்தேன். ஜூன் இருபத்தொன்பதில் கந்தப்பன் பெயரில் ஒரு கையெழுத்துப் பில். முப்பதாம் தேதி கே.ஆர். ஃபியூயல்ஸ் பெயரில் ஒரு டைப் பில், அவர்களுடைய முதல் பில். இரண்டையும் நான்தான் பதிவு செய்திருந்தேன். இரண்டுக்கும் பணம் போய்விட்டது. இரண்டுக்கும் ஆர்டர், பில், வரவுச் சீட்டு மூன்றும் ஒத்துப்போயிருந்தன.

ரேகாவுக்குப் போன் செய்தேன். மாதக் கடைசியில் எந்த லோடுக்கெல்லாம் வீட்டில் பில் நகல் இல்லையோ அதற்கெல்லாம் டைப் செய்து மெயிலில் அனுப்பியதாகச் சொன்னாள். அந்த லோடின் நகல் டிரைவரின் புத்தகத்தில், லாரியில் இருந்திருக்கிறது. டிரைவரிடம் கேட்டுவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள். முப்பதாம் தேதி லாரி எங்கள் பக்கமே வரவில்லை. அக்கா, அது ஒரே லோடுதான் போலிருக்கு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பதறினாள். அவளைச் சமாதானப்படுத்தவே எனக்கு நேரமானது.

பில் இரண்டாவது தடவை எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. வராத லோடுக்கு வரவுச் சீட்டு எப்படி வந்தது? ஃபைலை எடுத்து அந்தச் சீட்டைப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்தது. லாரி எண் எழுத வேண்டிய இடத்தில் லாரி எண் இருந்தது.

தங்கவேலு தன் ஜென்மத்தில் லாரி எண் எழுதியதில்லை. ஏப்ரலிலிருந்து வந்த அத்தனை சீட்டிலும் 'கந்தப்பன் லாரி'தான். இந்த ஒரு சீட்டில் மட்டும் எண் தெளிவாக, முழுசாக, ரேகா டைப் செய்த பில்லில் இருந்த அதே எண். விறகைப் பார்த்து எழுதியவருக்கு எண் ஞாபகம் வரவில்லை. பில்லைப் பார்த்து எழுதியவருக்கு எண் கண்முன்னால் இருந்தது. எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருந்த ஒரே சீட்டு அதுதான், பொய்ச் சீட்டும் அதுதான். கீழே ஸ்டோர்கீப்பருக்காக என்று போட்டு செந்தில்நாதன் கையெழுத்திட்டிருந்தார்.

லீவு ரிஜிஸ்டரையும் பார்த்துவிட்டேன். தங்கவேலு ஜூன் முப்பதிலிருந்து ஒரு வாரம் கூடலூரில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இருபத்தொன்பதாம் தேதி லோடை அளந்து, பில்லை மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் போய், வந்த பிறகு சீட்டு எழுதியிருக்கிறார். நடுவில் மாதக் கணக்கு முடிக்கிற அவசரம். மெயிலில் பில் வந்திருக்கிறது. லோடு வந்ததா என்று மேனேஜர் கொட்டகையில் யாரையோ கேட்டிருப்பார், வந்தது என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் பொய் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பில்லைப் பார்த்துச் சீட்டை நிரப்பிவிட்டார். நான் மூன்று தாளையும் வைத்து ஒத்துப்போகிறது என்று மகிழ்ந்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதினால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

அந்த ஒரு சீட்டைக் கழித்துவிட்டுக் கூட்டினேன். கொட்டகையில் அளந்ததும் சீட்டுகளும் சரியாக நின்றன. இரண்டு 118-ம் உண்மை.

சந்தோஷம் வந்த வேகத்தில் பயமும் வந்தது. என் சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் செந்தில்நாதன்தான். சனிக்கிழமை காலை, முதலாளி வருவதற்கு முன்னால், இரண்டு பில்லையும் இரண்டு சீட்டையும் லீவு ரிஜிஸ்டரையும் அளவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு அவர் மேஜையில் வைத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. அவரே பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் கடைசியில் அந்தச் சீட்டுக்கு வந்தார். லாரி எண்ணைப் பார்த்தார், கீழே பார்த்தார். காது சிவந்துபோனது. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, நீங்கள் போகலாம் என்றார். அந்தக் கவர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நகல் எடுத்து வைக்காத என் புத்தியை என் மேஜைக்கு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

முதலாளி மனோகரன் வந்ததும் என்னையும் மேனேஜரையும் தங்கவேலுவையும் கூப்பிட்டார். அவர் ஏற்கெனவே முடிவோடு வந்திருந்தார் என்பது தெரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டதா என்பதுதான். தங்கவேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில்நாதன் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 118 இரண்டும் இரண்டு லோடு என்றார், விறகு அளவு அதற்குச் சாட்சி என்றார். குறைந்த லோடு ஜூன் மாதத்தது, ஒரே லோடு இரண்டு பெயரில் வந்துவிட்டது என்றார். முதலாளி அந்தச் சீட்டைக் கையில் எடுத்தார்.

"வராத லோடுக்கு வரவு எழுதியிருக்கே. இது யார் கையெழுத்து?" என்றார்.

தங்கவேலு தலையை நிமிர்த்தினார்.

"என்னுதுங்க. விறகைப் பார்க்கலைங்க, பில்லைப் பார்த்து எழுதிட்டேன். தங்கவேலு எழுதின எல்லாமே சரிங்க" என்றார் செந்தில்நாதன்.

முதலாளி அவரை நிறையப் பேசினார். என்னையும் விடவில்லை. பெயர் வேறாக இருந்தாலும் வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்ததை ஜூனிலேயே பார்த்திருக்க வேண்டாமா என்றார். பார்த்திருக்க வேண்டும்தான். லாரி எண் எழுதாததற்குத் தங்கவேலுவுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. குவார்ட்டர்ஸ் பேச்சை மட்டும் அவர் பிறகு எடுக்கவேயில்லை.

வெளியே வந்ததும் தங்கவேலு வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"அப்ப நான் எழுதினதுல பொய் ஒன்னும் இல்லைதானே பிள்ளை?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, இனி லாரி எண்ணை எந்தப் பக்கம் பார்த்து எழுத வேண்டும், முன்னாலா பின்னாலா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கே.ஆர். ஃபியூயல்ஸையும் கந்தப்பனையும் ஒரே சப்ளையராக்கச் சொல்லித் தலைமை ஆபீஸுக்கு எழுதினோம். அதிகம் போன தொகையை ரேகா அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தாள். நிறுத்திவைத்த 118-ஐக் கந்தப்பன் 'அ' சேர்த்துத் தன் கையெழுத்தோடு திருத்திக் கொடுத்த பிறகு பதிவு செய்தேன். கம்ப்யூட்டர் மூச்சுக் காட்டவில்லை.

செப்டம்பர் கடைசி நாள் நல்ல மழை. மாதக் கணக்கு முடிக்க வேண்டும், ரேகாவின் பில் மெயிலில் வந்துவிட்டது, தங்கவேலு காய்ச்சலில் லீவு. நான் மேனேஜர் அறைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தில்நாதன் வெளியே வந்தார். கையில் டேப்பும் குடையும் இருந்தன. பேண்ட்டைக் கணுக்கால் வரை மடித்துவிட்டிருந்தார்.

"மேல் ரோட்டுல லாரி நிக்குதாம். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணும், வர்றீங்களா?" என்றார்.

நான் என் குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் சரிவில் ஏறினேன்.